நீரில் இறங்காமல் காப்பாற்றும் பயிற்சி: கம்பை நீட்டினால் மூழ்குகிறவர் பிடிப்பாரா?

சர்ஜாபூர் செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் விடுமுறையில் ஞாயிறு காலைகளில் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தைப் பிள்ளைகளின் நீர்ப் பாதுகாப்பு வகுப்புக்கு ஒதுக்கித் தர அசோசியேஷன் ஒப்புக்கொண்டிருக்கிறது. எட்டு முதல் பதினான்கு வயது வரை. இவர்களில் பலர் ஃப்ரீஸ்டைலில் குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடுவார்கள். ஆனால் நடுவில் நின்று மூச்சு வாங்கச் சொன்னால் தரையைத்தான் தேடுகிறார்கள்.

திட்டம் மூன்று பகுதி. மல்லாந்து மிதப்பது, ஒரே இடத்தில் தலையை மேலே வைத்துக்கொண்டு ட்ரெடிங் செய்வது, தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே இன்னொருவரை இழுப்பது. முதல் இரண்டையும் கோச் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை என்னிடம் விட்டுவிட்டார். குளத்தைச் சுத்தம் செய்யும் நீளக் கம்பி ஒன்று சுவரோரம் கிடக்கிறது. அதை நீட்டு, பிடித்துக்கொள்வார்கள், இழு என்று சொல்லிக் கொடுத்தால் போதுமா? இதில் பயிற்சி செய்ய வேறு என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். எங்கள் ஆட்கள் வார இறுதியானால் முத்தத்தி, சங்கமா, பல்முரி என்று காவிரிக் கரைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ஜெயநகர் பத்மா

நல்ல முயற்சி செந்தில். மிதப்பதற்கு நீங்கள் கையில் மாட்டும் காற்று ரப்பரா, இடுப்பில் கட்டும் பெல்ட்டா, எதை வாங்கினீர்கள்? என் பேத்திக்கு ஐந்து வயது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சர்ஜாபூர் செந்தில்

இல்லை மேடம், எதையும் மாட்டாமல் உடம்பே மிதப்பதைச் சொன்னேன்.

ஜெயநகர் பத்மா

ஓ, அப்படியா. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நான் படுத்தால் நேராக அடிக்குப் போய்விடுவேன் என்று நினைக்கிறேன். சரி, நீங்கள் பேசுங்கள், நான் படிக்கிறேன்.

தாமிரபரணிக்காரன்

இதற்கெல்லாம் வகுப்பா! எங்கள் ஊரில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். நாலாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள். அவ்வளவுதான், நீச்சல் வந்துவிடும்.

காப்பாற்றுவது பற்றி என் கருத்து. கம்பெல்லாம் கிடைக்கிற இடத்தில் யாரும் மூழ்குவதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த பையன் குதித்து, பின்பக்கமாகப் போய், தலைமுடியைப் பிடித்து இழுத்து வரலாம். முன்பக்கமாகப் போனால்தான் ஆபத்து, கட்டிப்பிடித்துவிடுவார்கள். அதைச் சொல்லிக் கொடுங்கள். அப்புறம், ஆபத்தில் இருப்பவர்கள் கையை உயர்த்தி ஆட்டிச் சத்தம் போட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். எல்லோரும் பார்த்து ஓடி வருவார்கள்.

அலசூர் மரகதம்

செந்தில், உங்கள் கேள்வியில் முக்கியமான ஒன்று ஒளிந்திருக்கிறது. “நீட்டு, பிடித்துக்கொள்வார்கள்” என்கிறீர்கள். பல நேரம் பிடிக்க மாட்டார்கள். வகுப்பை அங்கிருந்து தொடங்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பெங்களூரில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீரில் தத்தளிக்கிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை, களைத்துப்போனவர் அல்லது பயந்தவர். இன்னும் கொஞ்சம் நீந்துவார், கத்துவார், கையாட்டுவார், நாம் சொல்வதைக் கேட்பார். இவரிடம் கம்பை நீட்டினால் கட்டாயம் பிடிப்பார். இரண்டாவது வகை, மூழ்கத் தொடங்கிவிட்டவர். நியூயார்க்கில் ஆர்ச்சர்டு பீச்சில் பல ஆண்டு உயிர்காவலராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர் இதைக் கூர்ந்து பார்த்துப் படமெடுத்து, விளக்கியும் எழுதினார். அப்படி மூழ்குகிறவர் கத்த மாட்டார். வாய் நீருக்கு மேலே வரும் அந்தச் சின்ன இடைவெளியில் மூச்சு இழுக்கவே நேரம் போதாது, பேச்சுக்கு எங்கே போவது? கையையும் ஆட்ட மாட்டார். இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து நீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஏணியில் ஏறுகிற மாதிரி. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் அடிக்காது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர் மட்டத்திலேயே இருக்கும். அந்தக் கைகள் அவர் சொல்பேச்சுக் கேட்பதில்லை. பக்கத்தில் இரண்டடி தூரத்தில் கம்பு இருந்தாலும் எட்டிப் பிடிக்க முடியாது. இந்த நிலை இருபது முதல் அறுபது விநாடி வரைதான். அதற்குப் பிறகு ஆள் அடியில்.

ஆகையால் கம்பு அவரைத் தேடிப் போக வேண்டும். முகத்துக்கு நேராகக் குத்துவது போல நீட்டக் கூடாது. பக்கவாட்டில் நீர்மேல் வைத்து, சுழற்றிக் கொண்டுபோய், அவர் அமுக்கும் கைக்குக் கீழே, அக்குள் பக்கமாகச் செருக வேண்டும். கை அமுக்கும்போது கம்பு தட்டுப்பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு விடாது. பயிற்சி செய்ய வேண்டியது இந்தச் சுழற்றிச் செருகுவதைத்தான்.

தாமிரபரணிக்காரன் தம்பி, முன்பக்கம் போகாதே என்றீர்களே, அது சரி. ஆனால் பதினாலு வயதுப் பையனைக் குதிக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நம் நாட்டுச் செய்தித்தாளில் “ஒருவரைக் காப்பாற்றப் போன இருவரும்” என்று தொடங்கும் செய்திகளை எண்ணிப் பாருங்கள். பின்பக்கமாக வந்தவனையும் அவர் திரும்பி ஏறிப் பிடிப்பார். அதிலிருந்து விடுபடுவது தனிப் பயிற்சி, வளர்ந்த உயிர்காவலர்களே திரும்பத் திரும்பச் செய்து பழகுவது.

கையாட்டுவதும் பாதி உண்மைதான். மிதக்கத் தெரிந்தவர் மல்லாந்தபடி ஒரு கையை ஆட்டலாம். நின்ற நிலையில் இரண்டு கையையும் தூக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். நெஞ்சு நிறையக் காற்று இருந்தாலும் அறுபது கிலோ உடம்பு நீருக்கு மேலே தாங்கக்கூடியது சுமார் ஒன்றிரண்டு கிலோ. ஒரு கை மட்டுமே ஏறத்தாழ மூன்று கிலோ. இரண்டையும் தூக்கினால் தலை உள்ளே போகத்தான் செய்யும். கத்தினால் காற்றும் காலி.

தாமிரபரணிக்காரன்

அக்கா, கிலோக் கணக்கு புதிது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குதிக்காமல் கைகட்டி நிற்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அது வராது.

கெங்கேரி முரளி

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இது கேள்விக்கு நேராகப் பொருந்துமா தெரியவில்லை. போன வருடம் குடும்பத்தோடு ஒரு கோயிலுக்குப் போனோம், ஊர் பெயர் வேண்டாம். அங்கே கல்யாணி என்று படிக்கட்டு வைத்த பெரிய தெப்பக்குளம். கால் நனைக்க இறங்கிய என் மச்சான் பாசியில் வழுக்கி உள்ளே போய்விட்டார். படியிலிருந்து ஆறடி தூரம் கூட இருக்காது. அவருக்கு நீச்சல் தெரியாது. அவர் தம்பி அதே படியில் நின்று கையை நீட்டினார். அவரும் உள்ளே. மேல்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் வேட்டியை அவிழ்த்து வீசினார். முதல் தடவை அது காற்றில் விரிந்து பக்கத்திலேயே விழுந்தது. இரண்டாவது தடவை தம்பி பிடித்துக்கொண்டார். மச்சானுக்கு மூன்றாவது தடவைதான் கிடைத்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். நான் மேலே செருப்பு பார்த்துக்கொண்டிருந்தேன், ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மச்சான் ஒரு சத்தமும் போடவில்லை என்பது இப்போது மரகதம் மேடம் எழுதியதைப் படித்தபோதுதான் உறைக்கிறது. விளையாடுகிறார் என்றே பலர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அலசூர் மரகதம்

முரளி, நன்றாகவே பொருந்துகிறது. செந்திலின் வகுப்புக்கு இதையே பாடமாக வைக்கலாம். அந்தப் பெரியவர் செய்ததைத் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

தம்பி விழுந்ததற்குக் காரணம் மூன்று. நின்றார், ஈரப் பாசியில் நின்றார், வெறும் கையை நீட்டினார். நிற்கும்போது நம் எடை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முன்னால் ஒரு வெட்டு இழுப்பு வந்தால் காலடி வழுக்கி நாம் போய்விடுவோம். படுத்துவிட்டால் நம்மை இழுப்பதற்கு முழு உடம்பையும் தரையில் உரசிக்கொண்டு இழுக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, ஓரத்திலிருந்து பின்னால் காய்ந்த இடத்தில் குப்புறப் படுப்பது. கால்களை அகட்டி விரல்களைத் தரையில் ஊன்ற வேண்டும். படியாக இருந்தால் ஒரு படி மேலே உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப்படியின் விளிம்பில் முட்டுக் கொடுத்துப் பின்னால் சாயலாம். இன்னொருவர் இருந்தால் நம் கால்மேல் உட்காரச் சொல்ல வேண்டும். ஒரு கை நீட்ட, ஒரு கை எதையாவது பற்றிக்கொள்ள.

அடுத்தது துணி. எட்டு முழ வேட்டி பன்னிரண்டு அடி. ஆறடி தூரத்துக்கு அது தாராளம், புடவை என்றால் பதினெட்டு அடி வரும். ஆனால் காய்ந்த வேட்டியை வீசினால் முரளி சொன்ன மாதிரி காற்றில் விரிந்து காலடியிலேயே விழும். ஒரு முனையில் பெரிய முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சைத் தண்ணீரில் முக்கி, பிறகு வீச வேண்டும். இரண்டாவது தடவை போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அது முதல் தடவையிலேயே நனைந்து கனத்துப் போனதுதான். தலைக்கு நேராக எறியாமல், தோளுக்கு மேலாக அவரைத் தாண்டி எறிந்து, பின் நம் பக்கம் இழுத்தால் துணி அவர் கைமேலும் நெஞ்சின்மேலும் ஊர்ந்து வரும். மச்சானுக்கு மூன்று தடவை ஆனதும் இதனால்தான். தம்பி அப்போதுதான் விழுந்தவர், இன்னும் எட்டிப் பிடிக்கும் நிலையில் இருந்தார். மச்சான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். துணி அவர் கைமேல் வந்து படிய வேண்டியிருந்தது.

மூன்றாவது, இழுப்பு. நீரில் மிதக்கும் ஆளைக் கிடைமட்டமாக இழுக்கப் பெரிய பலம் வேண்டாம், மெதுவாக இழுத்தால் பத்து வயதுப் பிள்ளையே இழுத்துவிடும். கரைக்கு மேலே தூக்குவதுதான் கஷ்டம். அங்கே முழு எடையும் வந்துவிடும். பிள்ளைகள் தூக்கவே முயலக் கூடாது. விளிம்பு வரை கொண்டு வந்து, அவர் இரண்டு கையையும் கரைமேல் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கல்யாணியில் இன்னும் ஒரு வசதி உண்டு. படிகள் நீருக்குள்ளும் போகும். இரண்டு மூன்று அடி இழுத்தாலே பல நேரம் அவர் காலுக்குப் படி எட்டிவிடும். கல் குவாரியில் அது கிடையாது, கரையோரமே பாதாளம்.

கடைசியாக ஒன்று. நம்மையும் இழுத்துக்கொண்டு போகும் என்று தோன்றினால் பிடியை விட்டுவிட வேண்டும். துணி போனால் போகட்டும். கையைக் கொடுத்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பிடிஎம் பிரபு

2020இல் பெரம்பலூர் பக்கம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் புடவையை வீசி இரண்டு இளைஞர்களைக் காப்பாற்றினார்களே, நினைவிருக்கிறதா? தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அங்கே நாலு பேர் தண்ணீரில் சிக்கியிருந்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. புடவை எட்டாத தூரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அப்போது என்ன செய்வது? அதையும் வகுப்பில் சொல்ல வேண்டாமா?

அலசூர் மரகதம்

சொல்ல வேண்டும். எட்டாத தூரத்துக்கு எறிய வேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. காலிக் கேன், மூடி இறுக்கமாக இருந்தால், இருபது கிலோ அளவுக்குத் தாங்கும். ஒருவர் தலையை நீருக்கு மேலே வைக்க மூன்று முதல் ஐந்து கிலோ வரை போதும். ஆனால் டிஸ்பென்சரில் கவிழ்த்து வைத்த கேனின் மூடி பெரும்பாலும் ஓட்டையாகிவிட்டிருக்கும். அது நீர் ஏறி மூழ்கும். சுற்றுலா வேனில் ஏறும்போதே நல்ல மூடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேன் காற்றில் அலைந்து போகும், குறி தப்பும். அதைவிட ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் வசதி. கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடினால் கனத்து நேராகப் பறக்கும், மிச்சக் காற்றுக்கு நன்றாக மிதக்கவும் செய்யும். கைப்பிடியில் கயிறு கட்டலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீல நிற, மஞ்சள் நிற பிளாஸ்டிக் கயிற்றில் பாலிப்ரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள், அது மிதக்கும். நைலானும் பருத்தியும் முங்கி, கால்களில் சிக்கும். கயிற்றின் இந்த முனையைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

தாமிரபரணித் தம்பியின் சுரைக்குடுக்கையும் இதே வேலைதான் செய்தது. அதை எறிந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். கைகட்டி நிற்காதீர்கள், எறியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சர்ஜாபூர் செந்தில்

நேற்று முதல் வகுப்பு நடந்தது. எழுத நிறைய இருக்கிறது.

முதலில் கோச் மல்லாந்து மிதக்கச் சொன்னார். பாதிப் பிள்ளைகளுக்குப் பயம் மிதப்பதில் இல்லை. மிதந்த பிறகு எப்படி எழுந்து நிற்பது என்று தெரியாததால்தான் பயந்தார்கள். இடுப்பளவு நீரில்கூட முதுகை வளைத்துக் காலைத் தேடித் தலை உள்ளே போகிறது. கோச் வகுப்பை நிறுத்திவிட்டு, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கு, மோவாயை நெஞ்சில் ஒட்டு, இரண்டு கையாலும் நீரை முன்னால் அள்ளித் தள்ளு, பிறகு காலை ஊன்று என்று அதை மட்டும் கால் மணி நேரம் செய்ய வைத்தார். அப்புறம் மிதப்பது தானாக வந்தது. ஒல்லியான பையன்கள் சிலருக்குக் கால் இறங்கி உடம்பு சாய்வாக நின்றது. கோச் அதைத் திருத்தவே இல்லை. முகம் மேலே இருக்கிறதா, காது நீருக்குள் இருக்கிறதா, அவ்வளவுதான் என்றார்.

ட்ரெடிங்கில் சிக்கல். எங்கள் குளம் ஆழமான பக்கத்திலேயே நாலரை அடிதான். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆழம், பதினாலு வயதுக்காரர்கள் களைத்ததும் நின்றுவிடுகிறார்கள். எல்லோரும் சைக்கிள் மிதிப்பது போலக் கால் அடித்துச் சீக்கிரம் சோர்கிறார்கள். கையை மேலும் கீழும் அடிப்பதால் தலை ஏறி இறங்குகிறது.

அடுத்து மீட்புப் பகுதி. அந்தச் சுத்தம் செய்யும் கம்பியை எடுத்தோம். ஒரு தந்தை நீரில் நின்று மூழ்குகிறவராக நடித்தார், கம்பி அக்குளில் வந்தால் மட்டும் பிடிப்பது என்று பேச்சு. ஒரு பெண் அழகாகச் செருகினாள். அவர் பிடித்துக்கொள்ள, அவள் இழுத்தாள். கம்பி இரண்டாகக் கழன்று பாதி அவர் கையில், பாதி இவள் கையில்!

பிடிஎம் பிரபு

நீட்டி மடக்குகிற கம்பியா? அதன் பூட்டு முறுக்கினால் இறுகும் வகை. சுத்தம் செய்யும்போது பெரும்பாலும் தள்ளுவோம், அதற்கு அது தாங்கும். பலமாக இழுத்தால், கூடவே முறுக்கினால், விட்டுவிடும். ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

அலசூர் மரகதம்

பிரபு சொல்வது சரி. ஒரே துண்டாகப் பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் கழி வாங்குங்கள். முனையைத் தேய்த்துத் துணி சுற்றிவிடுங்கள். தேங்காய் பறிக்கும் துறட்டி யாரிடமாவது இருந்தால், அரிவாளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பழைய ரப்பர் குழாயை வளையமாகக் கட்டலாம். மயங்கிக் கிடப்பவரைக்கூட அதில் கோத்து இழுக்கலாம், அவர் பிடிக்கத் தேவையில்லை. வாங்கியதைக் குளத்துக்குப் பக்கத்திலேயே, பூட்டாமல், சுவரில் கிடையாக மாட்டுங்கள். ஸ்டோர் ரூமில் வைத்துச் சாவி செக்யூரிட்டியிடம் இருந்தால் அறுபது விநாடிக்குள் அது வராது.

ட்ரெடிங்குக்கு, பிள்ளைகளின் கையைப் பாருங்கள். உள்ளங்கை கீழ்நோக்கி, நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில், மேசையைத் துடைப்பது மாதிரி பக்கவாட்டில் போய் வர வேண்டும். வெளியே போகும்போது கட்டைவிரல் கொஞ்சம் கீழே சாயும், உள்ளே வரும்போது மேலே. இரண்டு பக்கமும் அது உடம்பைத் தூக்கும். மேலும் கீழும் அடித்தால் தூக்கியதையே திரும்ப இறக்கிவிடுகிறோம். கால் தவளைக் கால் போதும், மெதுவாக. மோவாய் நீரைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். கழுத்து முழுதும் வெளியே வர முயல்கிறவர்தான் சோர்கிறார். பெரிய பிள்ளைகளுக்கு உங்கள் குளம் உதவாது. ஒரு நாளாவது ஆழமான பொதுக் குளத்துக்குக் கூட்டிப் போங்கள். கயிறும் பெரியவர்களும் கரையில் இருக்கட்டும்.

இன்னொன்று, மிதக்கும்போது யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறார் என்று போட்டி வைக்கவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கும் பிள்ளை எந்த அறிகுறியும் இல்லாமல் நீருக்குள் மயங்கிவிடும்.

பத்மா அம்மா, ஐம்பத்திரண்டு வயதுக்கு நீங்கள்தான் முதலில் மிதப்பீர்கள். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் முங்கும். என் வகுப்பில் சிரமப்படுவது இருபது வயதுக் கட்டுமஸ்தான பையன்கள்தான். வெளிமூச்சை மட்டும் சட்டென்று விட்டு உடனே இழுத்துக்கொள்ளுங்கள், நெஞ்சு காலியாக இருக்கும் நேரம் குறைவாக இருக்கட்டும்.

ஜெயநகர் பத்மா

முதல் தடவையாக என் உடம்புக்கு ஒரு நல்ல பேர் கிடைத்திருக்கிறது. பேத்தியோடு நானும் சேர்கிறேன். சேலையோடு விழுந்தால் சேலை கனத்து இழுத்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

அலசூர் மரகதம்

துணி ஊறிய தண்ணீருக்கு நீருக்குள் எடை கிடையாது, அதனால் அது அடிக்கு இழுக்காது. ஆனால் சேலை காலைச் சுற்றும், கால் அடிக்க விடாது. கரையேறும்போது ஊறின நீரின் எடையும் முழுதாகச் சேர்ந்துகொள்ளும். ஆகையால் விழுந்தவுடன் நீந்தப் பார்க்காமல் மல்லாந்துவிடுவதே நல்லது. பிள்ளைகளையும் ஒரு நாள் ஜீன்ஸ், சட்டையோடு மிதக்க வைக்க வேண்டும். உண்மையில் யாரும் நீச்சல் உடையில் ஆற்றில் விழுவதில்லை.

சர்ஜாபூர் செந்தில்

அதற்குத்தான் அசோசியேஷன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. காட்டன் உடையோடு குளத்தில் இறங்கக் கூடாது, நூல் ஃபில்டரை அடைக்கும் என்று விதி. பேசிப் பார்க்கிறேன்.

கெங்கேரி முரளி

வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்கி நீரை எடுப்பது, தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் சொல்லிக் கொடுப்பீர்களா? மச்சானுக்கு அங்கே இருந்தவர்கள் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள்.

அலசூர் மரகதம்

வேண்டவே வேண்டாம். வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குப் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சழுத்தம். மூழ்கியவருக்குக் குறைவது காற்று. யாராவது ஒருவர் 108ஐயோ 112ஐயோ கூப்பிட வேண்டும். மூச்சு இருந்து இருமிக்கொண்டே இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கு இதைத் தனி வகுப்பாக வையுங்கள், கையில் பொம்மை இல்லாமல் பேச்சாக மட்டும் நடத்தினால் பயனில்லை.

தாமிரபரணிக்காரன்

எல்லாம் சரி அக்கா. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். எட்டு வயதுப் பிள்ளையிடம் கம்பைக் கொடுத்து “நீ காப்பாற்றலாம்” என்றால், அது யாருமில்லாத நேரத்தில் தண்ணீர் ஓரத்துக்கு ஓடாதா? எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கு “ஓடிப்போய் ஆளைக் கூப்பிடு” என்பதற்கு மேல் சொல்ல மாட்டோம்.

அலசூர் மரகதம்

இதில் நீங்கள் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் எறிவதை மட்டும் கற்றுக் கொடுக்கிறேன். ஓரத்திலிருந்து பின்னால் நின்று கத்து, கையில் கிடைத்ததை எறி, ஓடு. கம்பும் துணியும் அதற்கு மேல் வயதுக்கு.

பிடிஎம் பிரபு

நான் இதில் வேறுபடுகிறேன். விழுவது பெரும்பாலும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து விளையாடும்போதுதான், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது இன்னொரு பிள்ளை மட்டுமே. கத்தக் கன்னடம்கூட வராத பிள்ளைகள் இவர்கள். சொல்லாமல் விட்டால் கையைத்தான் நீட்டும். படுத்து நீட்டு என்று எட்டு வயதிலேயே பழக்கிவிடுவது மேல் என்று எனக்குப் படுகிறது.

சர்ஜாபூர் செந்தில்

அடுத்த ஞாயிறு இரண்டு குழுவாகப் பிரிக்கிறேன். சின்னவர்களுக்கு எண்ணெய் கேன் எறிவது, பெரியவர்களுக்கு மூங்கில். “சகாய மாடி” என்று கன்னடத்தில் உதவி கேட்டுக் கத்துவதையும் சேர்த்துக்கொள்கிறேன், எங்கள் செக்யூரிட்டி உத்தர கன்னடக்காரர். எட்டு வயதுக்குக் கம்பு கொடுப்பதா என்பதைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரபு, நீங்கள் வந்து மூழ்குகிறவராக நடிக்கிறீர்களா? போன வாரம் நடித்தவருக்குக் கம்பி விலாவில் குத்தி இன்னும் வலிக்கிறதாம்.

பிடிஎம் பிரபு

வருகிறேன். முனையில் துணி சுற்றியிருந்தால் மட்டும்.